சப்ளையர்கிட்ட விலை பேசப் போற மேனேஜருக்கு ஒரு பக்க நோட் எழுதறது எப்படி: அடிக்கடி கேக்குற கேள்விகள்

அட்டைப்பெட்டி சப்ளையர் ரேட் ஏத்திக் கேக்கறாரு, ஜிஎம் புதன்கிழமை பேசப் போறாரு, "ஒரு பக்கத்துல எல்லாம் எழுதிக் குடு"ன்னுட்டாரு. எதை எழுதறது எதை விடறது?

அந்த ரூம்ல உக்காந்து பேசறப்ப அவருக்கு எது தேவைப்படுமோ அது மட்டும். சப்ளையர் என்ன கேக்கறாரு, நம்ம கணக்குப்படி எவ்வளவு நியாயம், எந்த விலைக்கு மேல போனா வேற ஆள்கிட்ட போறது நமக்கு லாபம், விலையைக் குறைக்க பதிலுக்கு நாம எதைக் குடுக்கலாம். இந்த நாலுதான். சப்ளையரோட கம்பெனி வரலாறு, மூணு வருஷ பர்ச்சேஸ் ரிப்போர்ட், எல்லா சைஸ் பெட்டியோட ரேட் லிஸ்ட்டு இதெல்லாம் பின்னாடி தனியா வச்சிக்கோங்க, கேட்டா எடுத்துக் குடுக்கலாம்.

பொதுவா சொன்னா புரியாது, அதனால ஒரே கேஸை வச்சே கடைசி வரைக்கும் சொல்றேன். திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் யூனிட், மாசம் 5,000 பெட்டி வாங்குது, 5 பிளை, 600க்கு 400க்கு 400 மில்லிமீட்டர் சைஸ். இப்ப ரேட் 82 ரூபா, பார்ட்டி 90 கேக்கறாரு. கிராஃப்ட் பேப்பர் கிலோ 34ல இருந்து 38 ஆயிடுச்சுன்னு லெட்டர் குடுத்திருக்காரு. இதுல வர்ற ரூபாய் எல்லாம் கணக்கு காட்டறதுக்காக நான் எடுத்துக்கிட்டது, உங்க ஊர் உங்க மாச ரேட்டைப் போட்டு நீங்க மாத்திக்கணும். முறை மாறாது. எல்லாமே ஜிஎஸ்டி இல்லாத ரேட்.

முதல் வரியில என்ன வரணும்?

முடிவு. "90 கேக்கறாங்க, நம்ம கணக்குல 85 முதல் 86 வரை நியாயம், 87க்கு மேல ஒத்துக்க வேண்டாம்". அவ்வளவுதான், அடுத்த வரியில "ஒரு ரூபா வித்தியாசம்னா வருஷத்துக்கு 60,000 ரூபா" அப்படின்னு போட்டுடுங்க. மாசம் 5,000, வருஷம் 60,000 பெட்டி, அதனால ஒரு பெட்டிக்கு ஒரு ரூபா வருஷத்துக்கு அறுபதாயிரம். இந்த வரி எதுக்குன்னா, பேச்சு சூடு பிடிக்கிறப்ப "சரி விடுங்க சார் அம்பது பைசாதான"ன்னு வரும், அந்த அம்பது பைசா முப்பதாயிரம்னு ஜிஎம் மனசுல அப்பவே ஓடணும். பெருக்கல் கணக்கை அங்க உக்காந்து போட முடியாது.

பாதிப் பேர் "மேற்படி சப்ளையர் 2019 முதல் நமக்கு சப்ளை செய்து வருகிறார்"னுதான் ஆரம்பிக்கிறாங்க. ஜிஎம்முக்கு அது ஏற்கனவே தெரியும். முதல் மூணு வரியை தெரிஞ்ச விஷயத்துக்கு செலவு பண்ணிட்டா மத்ததை அவர் கார்ல போறப்ப மேலோட்டமா பாத்துட்டு மடிச்சு வச்சிடுவாரு.

பேப்பர் 12 சதவீதம் ஏறிடுச்சு, நாங்க 10 சதவீதம்தான் கேக்கறோம்னு சப்ளையர் சொல்றாரு. கேட்டா நியாயமாத்தான படுது?

படும், அதனாலதான் அப்படி சொல்றாங்க. 34ல இருந்து 38 கிட்டத்தட்ட 12 சதவீதம், 82ல இருந்து 90 கிட்டத்தட்ட 10, ரெண்டும் சரியான கணக்குதான். ஆனா பேப்பர் ஏறுனா பெட்டியோட மொத்த விலையும் அதே அளவு ஏறணும்னு எதுவும் கிடையாது, விலையில பேப்பர் ஒரு பங்குதான். அந்தப் பங்கு எவ்வளவுன்னு நாமளே கணக்கு போடணும், இந்த நோட்டோட உயிரே இங்கதான் இருக்கு, அதனால பொறுமையா பாருங்க.

பெட்டியைப் பிரிச்சு தரையில விரிச்சா அது ஒரு ஷீட். நீளம், ரெண்டு பக்கம் 600 ரெண்டு பக்கம் 400 கூட்டுனா 2,000, ஒட்டற மடிப்புக்கும் டிரிம்முக்கும் ஒரு 40, ஆக 2,040 மில்லிமீட்டர். அகலம், உயரம் 400 கூட மேல கீழ மூடற ஃபிளாப் பாதிப் பாதியா சேந்து 400, டிரிம் 20, ஆக 820. ரெண்டையும் பெருக்குனா 1.67 சதுர மீட்டர். 5 பிளைன்னா மூணு தட்டையான பேப்பர், நடுவுல ரெண்டு நெளி பேப்பர். எல்லாம் 150 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 150 கிராம்னு வச்சிக்கிட்டா தட்டை மூணும் 450 கிராம். நெளி பேப்பர் நெளிஞ்சு போறதால நீளம் அதிகமா இழுக்கும், ஃபிளூட் வகையைப் பொறுத்து மாறும், இங்க 1.45 மடங்கு எடுத்துக்கறேன், அப்ப ரெண்டுக்கும் 435 கிராம். மொத்தம் சதுர மீட்டருக்கு 885 கிராம், பெட்டிக்கு 1.48 கிலோ. வேஸ்டேஜ் 5 சதவீதம் சேத்தா ஒரு பெட்டிக்கு 1.55 கிலோ பேப்பர் போகுது.

இந்த 1.55தான் முக்கியமான எண், இதை நோட்ல கொட்டை எழுத்துல போடுங்க. பேப்பர் கிலோவுக்கு ஒரு ரூபா ஏறுனா பெட்டி 1 ரூபா 55 காசு ஏறலாம், இறங்குனா அதே அளவு இறங்கணும். சப்ளையர் சொல்ற 34லிருந்து 38ங்கறதை அப்படியே ஒத்துக்கிட்டாலும் நாலு ரூபாய்க்கு 6 ரூபா 20 காசுதான் வரும், அதாவது 88.20. அவர் கேட்ட 90ல ஒரு ரூபா எண்பது காசு இப்பவே காரணம் இல்லாம நிக்குது.

அப்ப 88.20க்கு பேசி முடிச்சிடலாமா?

இன்னும் ஒண்ணு பாக்கணும், நெறைய பேர் கோட்டை விடறது இங்கதான். 34ங்கற ரேட் எந்தத் தேதியோடது? பழைய ஃபைலைத் திறந்து, 82ன்னு விலை முடிஞ்சப்ப பேப்பர் என்ன ரேட்ல இருந்துச்சுன்னு பாருங்க. சப்ளையர் அப்ப குடுத்த கொட்டேஷன்லயோ மெயில்லயோ அவரே எழுதியிருப்பாரு. நம்ம கேஸ்ல 82 முடிஞ்ச நாள்ல பேப்பர் 36. அதுக்கப்புறம் நடுவுல 34க்கு இறங்குச்சு, அப்ப நமக்கு யாரும் விலையைக் குறைக்கல, இப்ப 38 ஆயிருக்கு. விலை ஏத்தறதுக்கு மட்டும் அடியில இருந்த 34ஐ எடுத்துக்கிட்டாங்க.

82ங்கற விலைக்குள்ள 36 ரூபா பேப்பர் ஏற்கனவே உக்காந்திருக்கு. அப்ப உண்மையான ஏத்தம் ரெண்டே ரூபா, 1.55ஆல பெருக்குனா 3 ரூபா 10 காசு, புது விலை 85.10.

பழைய ஃபைல் கிடைக்கலன்னா அந்த மாசம் நீங்க வேற யார்கிட்டயாவது வாங்குன கொட்டேஷன், இல்ல சப்ளையர்கிட்டயே "அப்ப வாங்குன மில் பில் ஒண்ணு காட்டுங்க"ன்னு கேளுங்க. உடுமலை, கோயமுத்தூர் பக்கம் கிராஃப்ட் மில்லுங்க நிறைய இருக்கு, ரேட் மாறுறப்ப மில்லுக்காரங்க பெட்டிக்காரங்களுக்கு தகவல் அனுப்புவாங்க, அந்த லெட்டர் ரெண்டு மூணு பேர்கிட்ட கேட்டா கிடைச்சிடும். ஒரே ஒரு விஷயம், ஜிஎஸ்எம்மும், பேப்பரோட பலத்தைக் காட்டற பிஎஃப் எண்ணும் ஒண்ணா இருக்கற ரேட்டைத்தான் ஒப்பிடணும். 18 பிஎஃப் பேப்பரோட பழைய ரேட்டையும் 22 பிஎஃப்போட புது ரேட்டையும் பக்கத்துல வச்சா விலை ஏறுன மாதிரிதான் தெரியும்.

பேப்பர் மட்டும்தானா, கூலி கரண்ட் எல்லாம் ஏறலயா? அதையும் குடுக்கணும்ல?

குடுக்கணும், மறைக்கக் கூடாது. நாம நம்ம பக்கத்தை மட்டும் எழுதிக் குடுத்தா ரூம்ல சப்ளையர் "ஆள் கூலி ஏறுனது உங்களுக்குத் தெரியாதா சார்"னு கேட்டதும் ஜிஎம் முழிப்பாரு, அப்புறம் நோட்ல இருக்கற மத்த நம்பர் மேலயும் அவருக்கு நம்பிக்கை போயிடும். பேப்பரை பெட்டியா மாத்தற செலவை கிலோ கணக்குல போடறது இந்தத் தொழில்ல வழக்கம், கிலோவுக்கு 12 ரூபான்னு எடுத்தா 1.48 கிலோவுக்கு 17 ரூபா 76 காசு. அதுல 5 சதவீதம் ஏறியிருக்குன்னு ஒத்துக்கிட்டா 90 காசு கிட்ட வருது. 85.10 கூட 90 காசு, 86 ரூபா. அதனாலதான் முதல் வரியில 85 முதல் 86ன்னு எழுதுனேன். 85ன்னா நல்ல டீல், 86ன்னா நியாயமான டீல்.

பழைய 82ஐயும் ஒருதடவை உடைச்சுப் பாத்துக்கோங்க. பேப்பர் 55.80, மாத்தற செலவு 17.76, வண்டி வாடகை 2 ரூபா, மீதி 6 ரூபா 40 காசு சொச்சம் அவரோட ஆபீஸ் செலவும் லாபமும். எட்டு சதவீதம் கூட இல்ல. கொள்ளை லாபம் அடிக்கிறாருன்னு சொல்ல முடியாது. இதைப் பாத்தா ஜிஎம்முக்கே புரியும், 82லயே நில்லுங்கன்னு அடிச்சுப் பேசுனா அவரால தாங்க முடியாது, ஒண்ணு சரக்கை நிறுத்துவாரு இல்ல தரத்தைக் குறைப்பாரு.

இன்னொரு பார்ட்டி 84க்கு கொட்டேஷன் குடுத்திருக்காரு. அதைக் காட்டி மிரட்டலாம்ல?

84ங்கறது பேப்பர்ல இருக்கற விலை, நம்ம குடோன்ல வந்து இறங்கற விலை என்னன்னு பாருங்க. அவர் ஃபேக்டரி ரேட் குடுத்திருக்காரு, வண்டி வாடகை 2 ரூபா நம்ம தலையில, ஆக 86. இப்ப இருக்கறவரு 30 நாள் கடன் தர்றாரு, புது ஆளு சரக்கு எறக்கும்போதே பணம் கேக்கறாரு. வருஷத்துக்கு 12 சதவீத வட்டின்னா ஒரு மாசத்துக்கு ஒரு சதவீதம், 86 காசு. பெட்டி மேல அடிக்கிற பிரிண்ட்டுக்கு புது ஸ்டீரியோ, அதாவது அச்சு பிளேட், செய்யணும், எல்லா டிசைனுக்கும் சேத்து 24,000 ஆகுதுன்னா 60,000 பெட்டியில வகுத்தா 40 காசு. கூட்டுங்க, 87 ரூபா 26 காசு.

நோட்ல "84க்கு வேற கொட்டேஷன் இருக்கு"ன்னு எழுதுனீங்கன்னா ஜிஎம் அதை நம்பி 84க்கு மேல முடியாதுன்னு உக்காந்துடுவாரு, பேச்சு உடைஞ்சிடும், அப்புறம் 87.26க்கு வாங்க வேண்டி வரும். அதனால ரெண்டையும் எழுதுங்க, "கொட்டேஷன் 84, நம்ம இடத்துக்கு வந்து சேர 87.25". 87ங்கற எல்லை எங்க இருந்து வந்துச்சுன்னு இப்ப தெரியுது பாருங்க, அதுக்கு மேல போனா மாறிடறதுதான் லாபம். எல்லையை மனசுக்குப் பட்ட மாதிரி எழுதக் கூடாது, ஜிஎம் "ஏன் 87?"ன்னு கேட்டா ஒரு வரியில பதில் இருக்கணும்.

புது ஆளோட சாம்பிளை நம்ம பனியனை வாங்கற பையர் அப்ரூவ் பண்ணிட்டாரான்னும் ஒரு வார்த்தை போடுங்க. எக்ஸ்போர்ட்ல பெட்டியோட ஸ்பெக் பையர் குடுத்தது, டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாம பெட்டியை மாத்த முடியாது. அப்ரூவல் இன்னும் வரலன்னா அந்த கொட்டேஷன் அடுத்த மாசத்துக்குத்தான் உதவும், புதன்கிழமைக்கு உதவாது, அதையும் மறைக்காம எழுதணும்.

விலையைக் குறைக்கச் சொன்னா பதிலுக்கு நாம என்ன குடுக்கறது? எங்க எம்டி கிரெடிட் டேஸை 60 ஆக்கச் சொல்றாரு வேற.

60ஐ முதல்ல மறந்துடுங்க. பெட்டிக்காரங்கள்ல பெரும்பாலானவங்க மைக்ரோ, இல்லன்னா ஸ்மால் யூனிட்டுங்க, உத்யம் பதிவு வச்சிருப்பாங்க. எம்எஸ்எம்இடி சட்டம் 2006ல 15ஆவது பிரிவுப்படி எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது, ஒப்பந்தமே இல்லன்னா 15 நாள்தான். தாண்டுனா ரிசர்வ் பேங்க்கோட பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசா மாசம் கூட்டு வட்டி. இது போக வருமான வரியில 43பி(எச்) விதி 2023-24 கணக்கு வருஷத்துல இருந்து வந்துடுச்சு, கெடு தாண்டிக் குடுக்காம நிக்கிற பில்லை அந்த வருஷ செலவா கழிக்க முடியாது, பணம் குடுத்த வருஷத்துலதான் கழிக்கலாம். அதனால நோட்ல "சப்ளையர் உத்யம் பதிவு உண்டு, ஸ்மால், கடன் 45 நாளுக்கு மேல பேச வேண்டாம்"னு ஒரு வரி கட்டாயம் வேணும். ஜிஎம் தெரியாம 60 நாள்னு பேசி கையெழுத்து போட்டுட்டு வந்தா அக்கவுண்ட்ஸ்ல மாட்டிக்கும். உத்யம் சர்டிபிகேட்டை கேட்டு வாங்கி, உற்பத்தியாளரா வெறும் டிரேடரான்னும் பாத்துக்கோங்க, டிரேடருக்கு இந்த 43பி(எச்) வராது.

கொஞ்சம் திருப்பிப் போட்டா இதே பேமென்ட் விஷயம்தான் நம்ம கையில இருக்கற நல்ல துருப்புச் சீட்டு. 2025 செப்டம்பர் 22ல இருந்து அட்டைப்பெட்டிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அவங்க வாங்கற கிராஃப்ட் பேப்பருக்கு 18. வாங்கறப்ப 18 கட்டிட்டு விக்கறப்ப 5தான் வசூல் பண்றாங்க, மீதி ரீஃபண்ட் வர்ற வரைக்கும் அவங்க பணம் உள்ள மாட்டிக்கிட்டு நிக்குது. பெட்டிக்காரருக்கு இப்ப ரொக்கம்தான் கஷ்டம். நாம 30 நாளை 10 நாளாக் குறைச்சா நமக்கு ஆகற செலவு 20 நாள் வட்டி, 85 ரூபாய்க்கு 56 காசு. இதைக் குடுத்து ஒரு ரூபா குறைக்கச் சொல்லிக் கேட்டா அவர் யோசிப்பாரு, ஏன்னா அவர் வாங்கற கடனுக்கு நம்மள விட வட்டி அதிகமா இருக்கும். நோட்ல "10 நாள் பேமென்ட் குடுத்தா நமக்கு 56 காசு செலவு, அதுக்கு கீழ குறைச்சா வேண்டாம்"னு எழுதுங்க. அக்கவுண்ட்ஸ்ல முன்னாடியே கேட்டுக்கோங்க, அவங்க சரின்னு சொல்லாம இதை நோட்ல போட்டா பேசி முடிச்ச பின்னாடி பணம் போகாது, சப்ளையர் நம்மள அடுத்த தடவை நம்ப மாட்டாரு.

வேற என்ன கேக்கலாம்?

ஒண்ணே ஒண்ணு, ஆனா விலையை விட பெருசு. பேப்பர் ரேட்டோட விலையைக் கட்டிப் போடற ஏற்பாடு. பேப்பர் கிலோவுக்கு ஒரு ரூபா மாறுனா பெட்டி 1.55 மாறும், ஏறுனாலும் இறங்குனாலும், மூணு மாசத்துக்கு ஒரு தடவை பாக்கறது, ஒரு ரூபாய்க்கு கீழ மாறுனா கண்டுக்கறதில்ல. யார் ரேட்டைப் பாக்கறதுன்னும் சேத்து எழுதணும், ரெண்டு மில்லோட லெட்டர்ல வர்ற சராசரின்னு வச்சிக்கலாம். இது இருந்திருந்தா 36 34 ஆனப்ப நமக்கு மாசா மாசம் பெட்டிக்கு 3 ரூபா 10 காசு குறைஞ்சிருக்கும், இப்ப லெட்டரும் வந்திருக்காது சண்டையும் வந்திருக்காது. புதன்கிழமை 86க்கு ஒத்துக்கிட்டாலும் இந்த ஏற்பாட்டை வாங்கிட்டு வந்தா அது 85ஐ விட நல்ல டீல்னு நான் சொல்லுவேன், நோட்லயும் அப்படியே எழுதிடுவேன்.

விலை குறைச்சு முடிச்ச பின்னாடி பெட்டி லேசா வர ஆரம்பிச்சிடுது. இதுக்கும் நோட்டுக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கு, ஸ்பெக் எழுதாம விலையை மட்டும் பேசுனா அப்படித்தான் ஆகும். நடுவுல இருக்கற பேப்பர் 150க்கு பதிலா 120 ஜிஎஸ்எம் போட்டா வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. ரெண்டு நெளியும் 120 ஆனா சதுர மீட்டருக்கு 87 கிராம் குறையும், பெட்டிக்கு 145 கிராம், 38 ரூபா ரேட்ல அஞ்சரை ரூபா. நாம பேசி வாங்குன நாலு ரூபாய்க்கு மேலயே அவர் எடுத்துட்டாரு, கப்பல்ல பெட்டி நசுங்குனா பையர் கிளெய்ம் நமக்கு.

அதனால நோட்ல விலைக்குப் பக்கத்துலயே ஸ்பெக் வரணும்: 5 பிளை, 150 ஜிஎஸ்எம், 18 பிஎஃப், பெட்டி எடை 1.48 கிலோ, 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். எடை எதுக்குன்னா குடோன்ல இருக்கற தராசே போதும், லாப்புக்கு அனுப்ப வேண்டியதில்ல. மழை நாள்ல பேப்பர் ஈரத்தை இழுத்து எடை கூடிடும், லேசான பெட்டி கூட சரியான எடை காட்டிடும், அதனால சந்தேகமா இருந்தா காயவச்சு எடை போடணும், இல்லன்னா எவ்வளவு அழுத்தத்துல அட்டை வெடிக்குதுன்னு பாக்கற பர்ஸ்டிங் டெஸ்ட்டு. 150 ஜிஎஸ்எம் 18 பிஎஃப்புக்கு தட்டை ஒவ்வொண்ணுக்கும் 2.7, நெளிக்கு பாதி 1.35, மொத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 10.8 கிலோ வரணும், இது கணக்குல வர்றது. டெஸ்ட்ல ரொம்ப கீழ வந்தா பேப்பரை மாத்திட்டாங்கன்னு அர்த்தம்.

எழுதி முடிச்சா எப்படி இருக்கும், ஒண்ணு முழுசாக் காட்டுங்களேன்.

இந்தக் கேஸுக்கு நான் குடுக்கறது இப்படி இருக்கும். ஆபீஸ் நோட்ங்கறதால கொஞ்சம் எழுத்து நடையில போட்டிருக்கேன்:

> பொருள்: 5 பிளை பெட்டி 600 × 400 × 400, விலைப் பேச்சு, புதன் காலை 11
>
> கேட்பது 90. நம் கணக்கில் நியாயம் 85 – 86. எல்லை 87. ஒரு ரூபாய் = வருடத்துக்கு 60,000.
>
> ஏன்: ஒரு பெட்டிக்கு 1.55 கிலோ பேப்பர். 82 முடிவானபோது பேப்பர் 36, இன்று 38. 2 × 1.55 = 3.10, ஆக 85.10. கூலி, கரண்டுக்கு 90 காசு சேர்த்தால் 86. அவர்கள் லெட்டரில் 34 என்று காட்டுவது நடுவில் இறங்கிய ரேட், அப்போது நமக்குக் குறைக்கவில்லை (பழைய கொட்டேஷன் இணைப்பில்).
>
> மாற்று: வேறு பார்ட்டி 84, நம் இடத்துக்கு வந்து சேர 87.25. சாம்பிள் பையர் அப்ரூவல் இன்னும் வரவில்லை.
>
> அவர்கள் நிலை: லாபம் மெலிந்ததுதான். ஜிஎஸ்டி வித்தியாசத்தால் ரொக்கம் மாட்டியிருக்கிறது. 82லேயே நிற்கச் சொன்னால் தரம் குறைய வாய்ப்பு.
>
> நாம் தரக்கூடியது: 30 நாளுக்குப் பதில் 10 நாள் பேமென்ட் (நமக்கு 56 காசு செலவு, அக்கவுண்ட்ஸ் ஒப்புதல் உண்டு). ஆறு மாத ஆர்டர் உறுதி.
>
> கேட்க வேண்டியது: பேப்பர் ஒரு ரூபாய் மாறினால் பெட்டி 1.55 மாறும், இரு பக்கமும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை. இது கிடைத்தால் 86 சரி.
>
> பேசக் கூடாதது: 45 நாளுக்கு மேல் கடன் (உத்யம், ஸ்மால்). ஸ்பெக் மாற்றம்: 150 ஜிஎஸ்எம், 18 பிஎஃப், 1.48 கிலோ அப்படியே இருக்க வேண்டும்.

ஒரு ஏ4ல முக்கால் பக்கம்தான் வரும். கீழ காலியா விடுங்க, ஜிஎம் பேனாவுல குறிச்சுக்குவாரு.

எல்லை 87ன்னு எழுதுன பேப்பரை அவர் டேபிள் மேல வச்சிட்டுப் பேசுனா?

நடக்கும், எதிர்ல உக்காந்திருக்கறவங்களுக்கு தலைகீழா இருந்தாலும் நம்பர் படிக்கத் தெரியும். கணக்கு இருக்கற பகுதி சப்ளையர் பாத்தாலும் பரவால்ல, சொல்லப் போனா அதை அவருக்கே காட்டலாம், 36ம் 1.55ம் அவருக்கும் தெரிஞ்ச கணக்கு, காட்டுனா பேச்சு சீக்கிரம் முடியும். எல்லையும் மாற்றும் வெளிய தெரியக் கூடாது. அதனால நான் ரூமுக்கு எடுத்துட்டுப் போற காப்பியில மாற்றுங்கற வரியையும், முதல் வரியில இருக்கற எல்லை 87ஐயும் எடுத்துட்டு, முன்னாடி நாள் நேர்ல அஞ்சு நிமிஷம் உக்காந்து வாயால சொல்லிடுவேன். வாட்ஸாப்ல முழு நோட்டை அனுப்பாதீங்க, பர்ச்சேஸ் குரூப்ல தெரியாம போயிடுச்சுன்னா அதோட முடிஞ்சுது, சில குரூப்ல சப்ளையரோட ஆளே இருப்பாங்க.

எல்லையை நான் முடிவு பண்ணலாமா? நான் வெறும் பர்ச்சேஸ் அசிஸ்டென்ட்.

முடிவு ஜிஎம்மோடது, கணக்கு உங்களோடது. "எல்லை 87ன்னு வைக்கலாம், காரணம் இது"ன்னு எழுதுங்க, அவர் 88ன்னு மாத்துனாலும் சரி, பையரோட ஷிப்மென்ட் தேதி நெருக்குதுன்னு உங்களுக்குத் தெரியாத காரணம் அவருக்கு இருக்கலாம். ஆனா எண்ணே போடாம "தங்கள் முடிவுக்கு"ன்னு விட்டா அவர் ரூம்ல உக்காந்துதான் யோசிப்பாரு, அப்ப சப்ளையர் சொன்ன 90தான் முதல்ல கண்ணுல நிக்கும், 90ல இருந்து எவ்வளவு குறைக்கலாம்னுதான் பேச்சு போகும். 82ல இருந்து எவ்வளவு ஏத்தலாம்னு போகணும்.

பேசி முடிஞ்ச பின்னாடி இந்த நோட்டுக்கு வேலை இருக்கா?

அன்னிக்கே சாயங்காலம் சப்ளையருக்கு ஒரு மெயில் போகணும், முடிஞ்ச விலை, எந்தத் தேதி பில்லுல இருந்து, ஸ்பெக், பேமென்ட் நாள், அப்புறம் மறக்காம "இன்றைய பேப்பர் ரேட் 38 என்ற அடிப்படையில்". இந்த ஒரு வரி இல்லாமத்தான் போன தடவை முடிஞ்ச விலைக்கு அடிப்படை என்னன்னு இப்ப ஃபைல் ஃபைலா தேட வேண்டியதா இருக்கு. நோட்டோட காப்பியையும் அந்த மெயிலையும் ஒண்ணா ஃபைல் பண்ணிடுங்க, பேலன்ஸ் இருக்கற பழைய ஆர்டர் பெட்டி எந்த ரேட்ல பில் ஆகும்னும் மெயில்லயே கேட்டு எழுதி வாங்கிடுங்க, முதல் பில் வர்றப்ப தகராறு வர்றது அதுலதான்.